பத்தில் ஒன்பது வாரம் ஜெயித்தும் கணக்கு காலியாவது ஏன்?



“ஆப்ஷன் வாங்குகிறவர்கள்தான் பணத்தை விடுகிறார்கள், விற்கிறவர்கள் சம்பாதிக்கிறார்கள் என்கிறார்களே. என்னிடம் மூன்று லட்சம் இருக்கிறது. வாரம் இரண்டாயிரம், மூவாயிரம் வந்தால் போதும். இறங்கலாமா?” ஊரும் பெயரும் மாறினாலும் இந்தக் கேள்வி மட்டும் மாறாமல் எங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறது. கேட்பவர்கள் யாரும் பேராசைக்காரர்கள் இல்லை. பணி ஓய்வு பெற்றவர், கடையை மகன் கையில் கொடுத்தவர், பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வீட்டிலிருந்தே நாலு காசு பார்க்க முடியுமா என்று யோசிக்கும் தாய் என்று எல்லோரும் நம் வீட்டு மனிதர்கள். அவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று ஒற்றை வரியில் பதில் போட மனம் வரவில்லை. காரணத்தைக் கணக்காகவே போட்டுக் காட்டிவிடுவது நல்லது என்று தோன்றியது. இந்த இதழின் ஆசிரியர் பக்கம் முழுவதும் அந்தக் கணக்குதான்.

முதலில் செபி சொன்னதை நினைவுபடுத்திவிடுகிறேன். 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், 2022 நிதியாண்டு முதல் 2024 வரை பங்குச் சந்தையின் எஃப் அண்ட் ஓ பிரிவில் வர்த்தகம் செய்த ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டிருக்கிறார்கள் என்றும், அவர்களுடைய மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டுகிறது என்றும் அது சொன்னது. இதைப் படித்ததும் “அவர்களெல்லாம் ஆப்ஷன் வாங்கியவர்கள், நான் விற்கப் போகிறேன்” என்று ஆறுதல் தேடுவது எளிது. ஆனால் அந்த எண்ணிக்கையில் வாங்கியவர்களும் உண்டு, விற்றவர்களும் உண்டு. விற்பவர் நஷ்டப்படும் விதம் வேறு என்பதால்தான் அது முதலில் கண்ணில் படுவதில்லை.

ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். நம் வாசகரிடம் மூன்று லட்சம் ரூபாய் இருக்கிறது. வாரா வாரம் நிஃப்டியில் ஒரு ஸ்ட்ராங்கிள் விற்கிறார். அதாவது, சந்தை இருக்கும் இடத்துக்கு வெகு தொலைவில் மேலே ஒரு காலும், கீழே ஒரு புட்டும் விற்கிறார். இரண்டும் சேர்ந்து 40 புள்ளி ப்ரீமியம் கிடைக்கிறது. ஒரு லாட் 65 என்றால் 2,600 ரூபாய். தரகு, வரி என்று நூறு ரூபாய் போனால் கையில் நிற்பது 2,500. இரண்டு ஸ்ட்ரைக்குக்கும் நடுவில் நிஃப்டி முடிந்துவிட்டால் அந்தப் பணம் முழுவதும் அவருடையது. பத்து வாரத்தில் ஒன்பது வாரம் அப்படித்தான் முடிகிறது. பத்தாவது வாரம் சந்தை ஒரே பக்கமாக ஓடி, அவர் விற்ற ஸ்ட்ரைக்கைத் தாண்டிப் போகிறது. அந்த வாரம் 20,000 ரூபாய் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 300 புள்ளிக்குச் சற்று அதிகம். நிஃப்டி இதைவிடப் பெரிய ஓட்டங்களையெல்லாம் ஓடியிருக்கிறது.

ஒரு வருடத்தில் 50 வாரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 45 வாரம் ஜெயித்தால் 1,12,500 ரூபாய் வரவு. 5 வாரம் தோற்றால் ஒரு லட்சம் செலவு. மிச்சம் 12,500. மூன்று லட்சத்துக்கு நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். வங்கி வைப்பு வட்டிகூட இதைவிட அதிகம் தரும். ஆனால் வருடம் முழுவதும் 45 வாரம் ஜெயித்த ஞாபகம் மனதில் தங்கிவிடுகிறதே, அதுதான் ஆபத்து.

இப்போது ஒரே ஒரு வாரத்தை மட்டும் மாற்றிப் பாருங்கள். 45-க்குப் பதில் 44 வாரம் ஜெயிக்கிறார், 6 வாரம் தோற்கிறார். வரவு 1,10,000, செலவு 1,20,000. வருடக் கணக்கு பத்தாயிரம் ரூபாய் நஷ்டம். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் நிற்கவே இவர் நூறு வாரத்தில் கிட்டத்தட்ட 89 வாரம் ஜெயிக்க வேண்டும். 90 ஜெயித்தால் லாபம், 88 ஜெயித்தால் நஷ்டம். ஒருவருடைய உண்மையான வெற்றி விகிதம் 90 சதவீதமா 88 சதவீதமா என்பதை ஒரு வருடப் பழக்கத்தில் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் பல நூறு வாரங்கள், அதாவது பல வருடங்கள் வேண்டும். “ஒரு வருஷமா பண்றேன், நல்லாத்தான் போகுது” என்று எழுதும் வாசகர்களிடம் நான் அன்போடு சொல்ல விரும்புவது இதைத்தான். அந்த ஒரு வருடம் எதையும் நிரூபிக்கவில்லை. ஸ்ட்ரைக்கை இன்னும் தொலைவில் வைத்தால் வெற்றி விகிதம் தானாகவே ஏறும், கிடைக்கும் ப்ரீமியமும் அதற்கேற்பக் குறையும். ஆகவே பத்தில் ஒன்பது என்பது பெரும்பாலும் நீங்கள் தேர்ந்தெடுத்த தூரத்தின் விளைவு. அதை உங்கள் திறமைக்கு அளவுகோலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சரி, இவருக்கு உண்மையிலேயே 90 சதவீதம் என்றே ஒப்புக்கொள்வோம். நீண்ட கால நோக்கில் லாபம் தரும் முறைதான். அப்படியிருந்தும் கணக்கு ஏன் அழிகிறது?

சிறிய கணக்குக்கு அழிவுக்கோடு பூஜ்யத்தில் இல்லை என்பதை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். ஆப்ஷன் விற்க மார்ஜின் கட்ட வேண்டும். ஒரு லாட் ஸ்ட்ராங்கிளுக்கு அமைதியான நாளில் 1,80,000 ரூபாய் மார்ஜின் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் அதற்குக் கீழே பணம் இறங்கிவிட்டால் அடுத்த வாரம் விற்க முடியாது. ஒரு லட்சத்து எழுபத்தைந்தாயிரம் ரூபாய் இருந்தும், இந்தத் தொழிலைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு முடிந்துபோய்விட்டது. ஆகவே இவர் இழக்கக் கூடியது மூன்று லட்சம் இல்லை, மேலே இருக்கும் 1,20,000 மட்டும்தான். ஆறு நஷ்ட வாரங்களுக்குச் சமம்.

அந்த ஆறும்கூட அமைதியான நாளின் கணக்குதான். மார்ஜின் ஒரே இடத்தில் நிற்பதில்லை. சந்தையின் ஏற்ற இறக்கம் அதிகமானால் எக்ஸ்சேஞ்ச் கேட்கும் மார்ஜினும் ஏறும், அதுவும் சந்தை நேரத்துக்குள்ளேயே பல முறை மாற்றிக் கணக்கிடப்படும். நம் உதாரணத்தில் 1,80,000 என்பது கொந்தளிப்பான வாரத்தில் 2,45,000 ஆகிறது என்று வையுங்கள். இவர் தோற்பதும் அதே கொந்தளிப்பான வாரத்தில்தான். ஒரு பக்கம் கணக்கில் பணம் இறங்குகிறது, மறுபக்கம் அழிவுக்கோடு மேலே ஏறி வருகிறது. மூன்று லட்சத்துக்கும் 2,45,000-க்கும் நடுவே இருப்பது 55,000 ரூபாய். மூன்று நஷ்ட வாரங்கள் தொடர்ந்து வந்தால் கணக்கில் 2,40,000. கோட்டுக்குக் கீழே போயாயிற்று.

“தொடர்ந்து மூன்று முறை தோற்பது நடக்கிற காரியமா? பத்தில் ஒன்று, அதில் பத்தில் ஒன்று, அதிலும் பத்தில் ஒன்று. ஆயிரத்தில் ஒரு வாய்ப்பு அல்லவா?” என்று கேட்கலாம். ஒரு வாரத்துக்கும் அடுத்த வாரத்துக்கும் சம்பந்தமே இல்லை என்றால் அது சரிதான். அப்படி இருந்தால்கூட, ஒரு வருடத்துக்குள் எங்காவது மூன்று தொடர் நஷ்டம் வருவதற்கு நூற்றுக்கு நான்கு வாய்ப்பு உண்டு. ஆனால் சந்தையில் கொந்தளிப்பு தனியாக வருவதில்லை, கூட்டமாக வரும். பெரிய ஓட்டம் ஓடிய வாரத்துக்கு அடுத்த வாரமும் பெரிய ஓட்டம் வர வாய்ப்பு அதிகம். விலைகளின் வரலாற்றைப் படிப்பவர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் இயல்பு இது.

இதைக் கணக்கில் சேர்த்துப் பார்ப்போம். மொத்த வெற்றி விகிதம் அதே 90 சதவீதம். வருடத்துக்கு அதே சராசரி ஐந்து நஷ்டம். ஒரே ஒரு மாற்றம்: ஒரு வாரம் தோற்றால், அடுத்த வாரமும் தோற்பதற்கு நூற்றுக்கு 40 வாய்ப்பு என்று எடுத்துக்கொள்வோம். இந்த 40 என்பது நான் உதாரணத்துக்கு வைத்த எண். ஆனால் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒரு வருடத்துக்குள் மூன்று தொடர் நஷ்டத்தைச் சந்திப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேராக இருந்தது, நூற்றுக்கு 37 பேராக ஆகிவிடுகிறது. மூன்றில் ஒருவருக்கும் மேல். வெற்றி விகிதமும் மாறவில்லை, சராசரி லாபமும் மாறவில்லை. நஷ்டங்கள் பரவலாக வராமல் அடுத்தடுத்து வந்தன, அவ்வளவுதான். வருடம் முழுவதும் சிதறி வந்திருந்தால் தாங்கியிருக்கக்கூடிய அதே ஐந்து நஷ்டங்களில் மூன்று, ஒரே மாதத்தில் வந்து கணக்கை முடித்துவிடுகின்றன.

காப்பீட்டு நிறுவனத்தை நினைத்துப் பார்த்தால் இது எளிதாகப் புரியும். ஆப்ஷன் விற்பதும் ஒருவகையில் காப்பீடு விற்பதுதான், ப்ரீமியம் என்ற பெயர்கூட இரண்டுக்கும் ஒன்றே. ஆனால் காப்பீட்டு நிறுவனம் லட்சம் வீடுகளுக்குப் பாலிசி கொடுக்கிறது. ஒரே தெருவில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் கொடுத்துவிட்டு, வெள்ளம் வந்தால் ஒன்றிரண்டு வீடுதானே நனையும் என்று எந்த நிறுவனமும் நம்பாது. மூன்று லட்சம் வைத்துக்கொண்டு வாரா வாரம் நிஃப்டி ஸ்ட்ராங்கிள் விற்கும் ஒருவர் அந்த ஒரே தெருவுக்குத்தான் காப்பீடு கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நஷ்டம் எப்படிக் குட்டி போடுகிறது என்பதையும் நிதானமாகப் பார்ப்போம். மூன்று லட்சத்தில் முதல் 20,000 போனால் அது 6.7 சதவீதம். மீதம் 2,80,000. இரண்டாவது 20,000 என்பது மீதமிருக்கும் பணத்தில் 7.1 சதவீதம். மூன்றாவது 7.7 சதவீதம். ரூபாய் ஒன்றேதான், ஆனால் கணக்கு சிறுத்துக்கொண்டே போவதால் ஒவ்வொரு அடியும் முந்தைய அடியைவிடப் பலமாக விழுகிறது. முப்பது லட்சம் வைத்துப் பத்து லாட் விற்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. முதல் நஷ்டம் வந்ததும் ஒன்பது லாட்டுக்கு இறங்குவார், இரண்டாவதுக்குப் பிறகு எட்டு. அடுத்த அடி ரூபாயில் சிறியதாகிவிடும். நம் வாசகருக்கு அப்படி இறங்க வழியே இல்லை. ஒரு லாட்டை முக்கால் லாட் ஆக்க முடியாது. ஒன்று முழு லாட், அல்லது ஒன்றுமே இல்லை. பணத்துக்கேற்பப் பந்தயத்தைக் குறைப்பது என்ற பழமையான பாதுகாப்பு சிறிய கணக்குக்குக் கிடைப்பதே இல்லை. 2024 நவம்பரில் செபியின் புதிய விதிகளையொட்டி நிஃப்டி லாட் 25-இலிருந்து 75 ஆனதும், பிறகு 65-க்கு இறங்கியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒப்பந்தத்தின் அளவு பெரிதாகும்போதெல்லாம், இறங்க முடியாத அந்தக் கடைசிப் படியும் உயர்கிறது.

மீண்டு வருவது அதைவிடக் கடினம். போன 60,000 ரூபாயைத் திரும்ப எடுக்க, வாரம் 2,500 வீதம் 24 வாரம் தொடர்ந்து ஜெயிக்க வேண்டும். 24 வாரத்தில் இரண்டு நஷ்டமாவது வரும் என்பதுதான் இந்த முறையின் சராசரி. நஷ்டங்களையும் கழித்தால் இவருக்கு வாரத்துக்குச் சராசரியாக நிற்பது 250 ரூபாய். 60,000-ஐ 250-ஆல் வகுத்தால் 240 வாரம். நாலரை வருடத்துக்கும் மேல். மூன்று வாரத்தில் போனது, எல்லாம் சராசரியாகவே நடந்தாலும், திரும்ப நாலரை வருடம் ஆகிறது.

“மார்ஜின் இறங்கிய பிறகு மறுபடி ஆரம்பிக்கலாமே, 2,40,000 இருக்கிறதே” என்றும் கேட்பீர்கள். ஆரம்பிக்கலாம். ஆனால் இனிமேல் இவரை வெளியேற்ற நஷ்டம் வரவே தேவையில்லை. அடுத்த கொந்தளிப்பில் மார்ஜின் 2,45,000 ஆனாலே போதும். விற்ற ஸ்ட்ரைக் இன்னும் தொலைவில் இருக்கும்போதே, மார்ஜின் குறைகிறது என்று தரகு நிறுவனம் பொசிஷனை முடித்துவிடலாம். ப்ரீமியம் ஊதிப்போய் நிற்கும் நேரத்தில், கிடைத்த விலைக்கு, அவர்கள் வாங்கி முடிப்பார்கள்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை என்பதற்கு 2024 ஜூன் 4-ஐவிட நல்ல உதாரணம் கிடையாது. மக்களவைத் தேர்தல் முடிவு வந்த நாள். முந்தைய நாள், ஜூன் 3 திங்கட்கிழமை, கருத்துக் கணிப்புகளை நம்பி நிஃப்டி 733 புள்ளி ஏறி 23,263.90-இல் முடிந்திருந்தது. ‘இனி கீழே வராது’ என்ற நம்பிக்கை எங்கும் நிறைந்திருந்தது. அன்று சந்தை முடியும் நேரத்தில் ஒருவர், ஜூன் 6 வியாழக்கிழமை எக்ஸ்பைரிக்கு 22,000 புட் விற்றார் என்று வைத்துக்கொள்வோம். சந்தைக்கும் அவருடைய ஸ்ட்ரைக்குக்கும் 1,264 புள்ளி தூரம். மூன்று நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தால்தான் ஆபத்து. அன்று லாட் 25 தான். மூன்று லட்சம் ரூபாய்க்கு அவர் நான்கு லாட் போட்டிருப்பார்.

மறுநாள் வாக்கு எண்ணிக்கை நகர நகர நிஃப்டி சரிந்து 21,281 வரை போனது. அந்த இடத்தில் 22,000 புட்டின் உள்மதிப்பு மட்டுமே 719 புள்ளி. நான்கு லாட், அதாவது 100 எண்ணிக்கைக்கு, 71,900 ரூபாய். கணக்கில் கிட்டத்தட்ட கால்வாசி. இதற்கு மேல் பயத்தின் விலையும் உண்டு. அன்று இந்தியா விக்ஸ் 30-ஐத் தாண்டியது, ஆகவே அந்தப் புட்டின் உண்மையான விலை உள்மதிப்பைவிட இன்னும் அதிகமாக இருந்திருக்கும். மார்ஜினும் அதே நேரத்தில் ஏறியிருக்கும். இந்த நிலையில் சிறிய கணக்குக்காரருக்கு மூன்றே வழி. வேறெங்கிருந்தாவது உடனே பணம் போட வேண்டும், தானே நஷ்டத்தில் முடிக்க வேண்டும், அல்லது தரகு நிறுவனம் முடித்து வைக்கும்.

அன்று நிஃப்டி 21,884.50-இல் முடிந்தது. ஒரே நாளில் 5.93 சதவீத வீழ்ச்சி. மறுநாள் 22,620-க்கு ஏறியது. ஜூன் 6 எக்ஸ்பைரி அன்று 22,821-இல் முடிந்தது. அந்த 22,000 புட் எக்ஸ்பைரியில் பூஜ்யமானது. அதாவது, ஜூன் 3 அன்று அந்தப் புட்டை விற்றவர் எடுத்த முடிவு கடைசியில் சரியாகவே முடிந்தது. பெரிய பணம் வைத்திருந்து, மார்ஜினைத் தாங்கி, காத்திருந்தவருக்கு ப்ரீமியம் முழுவதும் கிடைத்தது. அதே முடிவை எடுத்த சிறிய கணக்குக்காரர் செவ்வாய்க்கிழமை நண்பகலிலேயே, சந்தை அடிமட்டத்தில் இருந்தபோது வெளியேற்றப்பட்டிருப்பார். வியாழக்கிழமை வரை உயிரோடு இருப்பவருக்குத்தான் வியாழக்கிழமையின் விலை கிடைக்கும். சிறிய கணக்கின் ஆபத்தை இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

சில சமயம் பூஜ்யமும் தரை இல்லை. 2018 நவம்பரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து இயங்கிய ஒரு நிறுவனம், தன் வாடிக்கையாளர்கள் கணக்குகளில் இயற்கை எரிவாயுவின் கால் ஆப்ஷன்களை எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் விற்று வைத்திருந்தது. எரிவாயு விலை திடீரென்று பாய்ந்தபோது கணக்குகள் காலியானதோடு நிற்கவில்லை. பலர் போட்ட பணத்தையும் இழந்து, அதற்கு மேல் தரகு நிறுவனத்துக்குக் கடன்பட்டும் நின்றார்கள். வருடக்கணக்கில் ஆப்ஷன் விற்பதையே தொழிலாகச் செய்து, அதைப் பற்றிப் புத்தகமும் எழுதியவரின் நிறுவனம் அது. நம் நாட்டிலும் பாதுகாப்பு இல்லாமல் விற்ற ஆப்ஷனில் நஷ்டம் கணக்கைத் தாண்டினால் மீதியைக் கட்ட வேண்டியது நாம்தான்.

நஷ்டத் தொடரை இன்னும் மோசமாக்குவது, அதன் நடுவில் நாம் செய்யும் காரியங்கள். இரண்டு வாரம் தோற்றதும் ப்ரீமியங்கள் கொழுத்துக் கிடக்கும். போன பணத்தைச் சீக்கிரம் எடுக்கலாம் என்று ஸ்ட்ரைக்கைச் சந்தைக்குப் பக்கத்தில் கொண்டுவரத் தோன்றும். ஒரு பக்கம் நஷ்டத்தில் இருக்கும்போது ‘அட்ஜஸ்ட்மென்ட்’ என்று மறுபக்கம் இன்னொரு லாட் விற்கத் தோன்றும். பிறகு சந்தை திரும்பி அந்தப் பக்கமும் அடிக்கும். நகையை வைத்தாவது மார்ஜினை நிரப்பத் தோன்றும். இந்த மூன்றில் எதைச் செய்தாலும் அடுத்த நஷ்டம் 20,000-ஆக இருக்காது, முப்பதாயிரம் நாற்பதாயிரமாக இருக்கும். மேலே போட்ட கணக்கில் நஷ்டத்தின் அளவு மாறாது என்று வைத்துக்கொண்டோமே, நிஜத்தில் தோற்கத் தோற்க அது பெரிதாகிக்கொண்டே போகிறது.

அப்படியானால் செய்யவே கூடாதா? விற்றே தீர வேண்டும் என்று இருப்பவர்களுக்கு ஒரு வழி உண்டு, அதன் எல்லையோடு சேர்த்துச் சொல்கிறேன். விற்கும் ஆப்ஷனுக்கு வெளியே இன்னொரு ஆப்ஷனை வாங்கிவிடுங்கள். 200 புள்ளி இடைவெளியில் ஒரு புட் விற்று, கீழே ஒரு புட் வாங்கினால், நிகரமாக 25 புள்ளி கிடைக்கிறது என்று வையுங்கள். 65 கொண்ட ஒரு லாட்டுக்கு 1,625 ரூபாய். சந்தை எவ்வளவு விழுந்தாலும், இரவோடு இரவாகவே விழுந்தாலும், எக்ஸ்பைரியில் அதிகபட்ச நஷ்டம் 175 புள்ளி, அதாவது 11,375 ரூபாயும் கட்டணங்களும். மூன்று லட்சத்தில் அது நான்கு சதவீதத்துக்கும் குறைவு. மூன்று முறை தொடர்ந்து முழு நஷ்டம் வந்தாலும் 34,125 போகும், சுமார் 11 சதவீதம். வலிக்கும், ஆனால் கணக்கு உயிரோடு இருக்கும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வாங்கிய புட் இருப்பதால் மார்ஜின் வெகுவாகக் குறைந்துவிடும். மூன்று லட்சத்துக்கு ஒன்றுக்குப் பதில் ஐந்து ஸ்ப்ரெட் போடலாமே என்று கை போகும். ஐந்து போட்டால் ஒரு முழு நஷ்டம் 56,875. தொடர்ந்து மூன்று வந்தால் 1,70,625. கணக்கில் பாதிக்கும் மேல் காலி. பாதுகாப்பு என்று வாங்கியதையே கூடுதல் லாட்டுக்கு அனுமதிச் சீட்டாக மாற்றிக்கொள்பவர்கள் ஏராளம். இன்னொன்று, வெளியேறும்போது விற்ற ஆப்ஷனை முதலில் வாங்கி முடித்துவிடுங்கள், வாங்கியதைப் பிறகு விற்றுவிடுங்கள். வரிசை மாறினால், நடுவில் உள்ள அந்தச் சில நிமிடங்கள் நீங்கள் பாதுகாப்பின்றி விற்றவர் ஆகிவிடுவீர்கள். மார்ஜின் எகிறும்.

எல்லை என்னவென்றால், ஸ்ப்ரெட் உங்களுக்கு லாபத்தை உருவாக்கித் தராது. வாங்கும் புட்டுக்குக் காசு கொடுக்கிறீர்கள், இருந்த மெல்லிய ஆதாயம் அதிலேயே கரைந்துபோகலாம். அது செய்வது ஒன்றே ஒன்று, ஒரே அடியில் அழிவதைத் தடுப்பது. முறையிலேயே ஆதாயம் இல்லையென்றால் ஸ்ப்ரெட்டும் மெதுவாகக் கணக்கைக் கரைக்கும்.

உங்கள் கணக்கு எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு வகுத்தல் போதும். கணக்கில் உள்ள பணத்திலிருந்து, கொந்தளிப்பான நாளில் ஒரு லாட்டுக்குத் தேவைப்படும் மார்ஜினைக் கழியுங்கள். வருவதை, உங்களுடைய மோசமான ஒரு வார நஷ்டத்தால் வகுத்துவிடுங்கள். இதுவரை நடந்த மோசமான வாரத்தைவிட ஒன்றரை மடங்கு வைத்துக்கொள்வது நல்லது, ஏனென்றால் உங்கள் மிக மோசமான வாரம் இன்னும் வராமல் இருக்கலாம். வரும் எண்தான், நீங்கள் எத்தனை அடி தாங்குவீர்கள் என்பது. நம் வாசகருக்கு 55,000-ஐ 20,000-ஆல் வகுத்தால் மூன்றுகூட வரவில்லை. என் கணக்கில் பத்துக்குக் கீழே வந்தால் அது எச்சரிக்கை, ஐந்துக்குக் கீழே வந்தால் அந்தக் கணக்கு பாதுகாப்பில்லாமல் ஆப்ஷன் விற்பதற்கானது இல்லை. ஜெயித்த வாரங்களைப் பற்றி இந்த வகுத்தல் எதையும் கேட்பதில்லை என்பதைக் கவனியுங்கள். நூறு வாரம் ஜெயித்தவருக்கும் அதே விடைதான்.

இந்த வாரம் புதிதாக ஏதாவது விற்பதற்கு முன், ஒரு தாளை எடுத்து இந்த மூன்று எண்களையும் எழுதுங்கள். மார்ஜின் எவ்வளவு ஏறியது என்று தெரியாவிட்டால், உங்கள் தரகு நிறுவனத்தின் பழைய அறிக்கைகளில் கொந்தளிப்பான நாட்களைத் தேடிப் பாருங்கள், அதில் இருக்கும். இது பற்றி வீட்டில் இன்னொருவருக்கும் தெரியட்டும். விடை ஐந்துக்குக் கீழே என்றால், விற்ற பொசிஷன்களை முடித்துவிட்டு, அந்த மூன்று லட்சத்தை வைப்பு நிதியிலோ நல்ல ஒரு குறியீட்டு ஃபண்டிலோ வைப்பதில் எந்தத் தோல்வியும் இல்லை. அது உங்கள் உழைப்பின் பணம். அது கைவிட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

அன்புடன்,
ஆசிரியர்